பட்டியலில் இல்லாத ஆறு பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பில் யார் யார் தவறக்கூடும் என்று பள்ளிகள் முன்கூட்டியே எடுக்கும் பட்டியலைப் பற்றிய கட்டுரை படித்தேன். 'எண்பது சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்தது' என்ற வரியில்தான் எனக்கு உறுத்தல். எங்கள் பள்ளிக்கும் அதே எண்தான் வந்தது.

கணிதம் எழுதியவர்கள் 180 பேர். அரையாண்டில் 40-க்குக் கீழே எடுத்த 45 பேரைப் பட்டியலில் சேர்த்து மாலை வகுப்பு வைத்தோம். பொதுத்தேர்வில் 35 எடுக்காதவர்கள் 24 பேர். அதில் 18 பேர் பட்டியலில் இருந்தவர்கள், 6 பேர் இல்லாதவர்கள். சொன்னபடி தவறிய 18, பட்டியலுக்கு வெளியே இருந்து தேறிய 129, ஆக 147 பேர் விஷயத்தில் பட்டியல் சரி. 82 சதவீதம் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். 'எல்லோரும் பாஸ்' என்று வெறும் தாளை நீட்டியிருந்தால் 156 பேர், 87 சதவீதம் கிடைத்திருக்கும்!

அதனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். பட்டியலில் இருந்த 45 பேரில் உண்மையில் தவறியவர்கள் 18. இது 40 சதவீதம், பிரிசிஷன் என்பார்கள். தவறிய 24 பேரில் பட்டியல் பிடித்ததும் அதே 18. இது 75 சதவீதம், ரீகால். எனக்குப் பெரிதாகப் பட்டது இரண்டாவதுதான். வீணாக மாலை வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குப் போவது ஒரு மணி நேரம். விட்டுப்போன பிள்ளைக்கு அப்படியல்ல.

விட்டுப்போன 6 பேரின் பெயரைத் தேடினால், 4 பேர் அரையாண்டே எழுதவில்லை. எக்செலில் அவர்கள் கட்டம் காலி. `=COUNTIF(C2:C181,"<40")` காலிக் கட்டத்தை எண்ணாது, 'ஆப்சென்ட்' என்று எழுதினாலும் எண்ணாது. மிகவும் கவலைப்பட வேண்டியவர்களே இப்படி நழுவிப்போனார்கள். அரையாண்டு எழுதாதவர்கள் மொத்தம் 5 பேர். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் 50, பிடிபட்டவர்கள் 22. ரீகால் 92, பிரிசிஷன் 44. இரண்டுமே ஏறின.

பிரிசிஷன் குறைவு என்று பட்டியலைப் பழிக்கவும் தயக்கமாக இருக்கிறது. பட்டியலில் இருந்து தேறிய 27 பேர் நாங்கள் வீணாகப் பயந்தவர்களா, மாலை வகுப்பால் கரையேறியவர்களா? இந்தக் கணக்கில் அது தெரியாது. வகுப்பே நடக்காத பழைய ஆண்டு அரையாண்டு மதிப்பெண்ணில் அதே 40 கோட்டைப் போட்டு, அந்த ஆண்டு முடிவோடு ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். இன்னொன்று: பட்டியலைத் தேதியிட்டு அப்படியே வைக்க வேண்டும். திருப்புதல் தேர்வுக்குப் பிறகு இரண்டு பெயரைச் செருகிவிட்டு 'அப்போதே சொன்னோம்' என்பது எங்கள் பக்கம் சகஜம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது பட்டியலில் எத்தனை பேர், தவறியவர்கள் எத்தனை பேர், இரண்டிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மூன்று எண்களை மட்டும் போடுங்கள். வகுத்தலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்