500 என்றால் எதில் 500? திருப்பூர் பின்னலாடை உற்பத்தியாளர்களுக்குக் கொழும்பிலிருந்து ஒரு மடல்

திருப்பூரிலிருந்து இலங்கைக்குப் பின்னலாடை அனுப்பும் முதலாளிமாருக்கு வணக்கம்.

கொழும்பு புறக்கோட்டையில் விளையாட்டு உடைகள் விற்கும் கடை எங்களுடையது. பாடசாலைகளில் மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால் எங்களிடம் வரும் ஓடர் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும்: நான்கு இல்லம், நான்கு நிறம், நிறத்துக்கு நூறு டீசேர்ட். இந்த 400 டீசேர்ட்டை உங்களில் ஒருவரிடம் முதன்முறையாக வாங்க நினைத்து எழுதும்போது கட்டலொக், குறைந்தபட்ச ஓடர் அளவு, சாம்பிள் விதிமுறை ஆகிய மூன்றையும் கேட்கிறோம். பதில் உடனே வந்துவிடுகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு காசு அனுப்பவும் முடிவதில்லை, வேண்டாம் என்று விடவும் முடிவதில்லை.

"குறைந்தபட்சம் 500" என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். 400 என்பதை 500 ஆக்குவது எங்களுக்குப் பெரிய காரியமல்ல. இல்லத்துக்கு 25 கூட்டினால் தீர்ந்தது. மிஞ்சுவது அடுத்த பாடசாலைக்குப் போகும். அப்படிக் கணக்குப் போட்டுச் சம்மதம் சொன்ன பிறகு ஒரு கம்பனி அனுப்பிய புரோபோர்மா பில்லில் 2,000 என்று இருந்தது. கேட்டால், நிறத்துக்கு 500 என்கிறார்கள். பொய் சொல்லவில்லைதான், சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிட்டார்கள்.

நிறத்துக்கு ஓர் அளவு வைப்பதன் நியாயம் எங்களுக்கும் தெரியும். சாயப்பட்டறையில் ஓர் இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் ஓடும். 100 கிலோ துணி பிடிக்கும் இயந்திரத்தில் 20 கிலோவைப் போட்டால் ஆள்கூலியும் நேரமும் குறையப் போவதில்லை, நிறமும் நினைத்தபடி வராது. 180 ஜிஎஸ்எம் துணியில் பெரியவர்களுக்கான வட்டக்கழுத்து டீசேர்ட் ஒன்றுக்கு, வெட்டுக்கழிவும் சேர்த்து 200 முதல் 220 கிராம் வரை போகும். ஆகவே 100 கிலோவில் ஏறத்தாழ 450 முதல் 500 உருப்படி. உங்கள் 500 பிறப்பது இங்கேதான். கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியும் அதே தொட்டியில் சாயம் ஏற வேண்டும். பிறகு தனியாக ஏற்றினால் உடம்பு ஒரு சிவப்பு, கழுத்து இன்னொரு சிவப்பு என்று ஆகிவிடும்.

ஆனால் அந்தக் காரணம் புதிதாகச் சாயம் ஏற்றும் துணிக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே சாயம் ஏற்றி அடுக்கி வைத்திருக்கும் துணிக்கு அந்த எல்லை எதற்கு? இதைப் புரிந்துகொண்டு ஒரு சிறிய கம்பனி எங்களுக்கு எழுதிய பதில் இப்படி இருந்தது: சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் கையிருப்புத் துணி, நிறத்துக்கு நூறு தைத்துத் தருவோம், நீங்கள் காட்டிய எலுமிச்சை மஞ்சள் எங்களிடம் இல்லை, 50 கிலோ இயந்திரத்தில் தனியாகச் சாயம் ஏற்றினால் சுமார் 230 உருப்படி எடுக்க வேண்டும், விலையும் கூடும், பொன் மஞ்சள் போதுமென்றால் நூறே போதும். பாடசாலையில் கேட்டோம். அவர்களுக்குப் பொன் மஞ்சளே சம்மதம். ஒரே மாலையில் முடிந்த பேச்சு அது. இப்படி நான்கு வரி எழுத யாருக்கும் அதிக நேரம் ஆகாது. அளவு நிறத்துக்கா, டிசைனுக்கா, மொத்த ஓடருக்கா, அதற்குள் சைஸ்களை நாங்கள் விரும்பியபடி பிரிக்கலாமா என்பதைத்தான் கேட்கிறோம்.

கட்டலொக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகான பிள்ளைகள் டீசேர்ட் போட்டுச் சிரிக்கும் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. எங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு உருப்படிக்கும் நூல் எண், ஜிஎஸ்எம், அங்குலத்தில் மார்பளவும் உயரமும், எந்த நிறங்கள் கையிருப்பில் உள்ளன என்பது, விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பது. விலை உங்கள் வாசல் வரைக்கா, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரைக்கா, கொழும்பு வரைக்கா என்பதையும் அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். நீங்கள் 'எம்' என்பதும் எங்கள் வாடிக்கையாளர் 'எம்' என்பதும் ஒன்றல்ல. அங்குலம் எழுதியிருந்தால் அந்தச் சண்டை வராது.

இனி சாம்பிள். இலவசமாகக் கேட்கவில்லை. ஒற்றை உருப்படி தைப்பதில் உங்களுக்கு நட்டம் என்பதால் இரட்டை விலை கேட்டாலும் தருகிறோம், கூரியர் செலவும் எங்களுடையது. அந்தப் பணம் முதல் பில்லில் கழியுமா, எத்தனை உருப்படிக்கு மேல் ஓடர் கொடுத்தால் கழியும் என்று மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அனுப்பும் சாம்பிள் எந்தத் துணியில் தைத்தது என்பது. கையில் கிடந்த துணியில் தைத்து அனுப்பினால் அளவும் தையலும் பார்க்கலாம். நிறத்தையும் துணியையும் அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதை அப்படியே சொல்லி அனுப்புங்கள், குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம். சொல்லாமல் அனுப்பினால்தான் பின்னால் வில்லங்கம்.

வந்த சாம்பிளை நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் எதை அனுப்புவது என்பதும் உங்களுக்கு விளங்கும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, பக்கத்திலிருக்கும் செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைப்போம். 1.8 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். 1.7 என்றாலும் பேசாமல் ஏற்றுக்கொள்வோம். 1.5 என்றால் கட்டலொக்கில் எழுதியது வேறு, அனுப்பியது வேறு. (பவுன் நிறுக்கிற தராசில் பனியன் துண்டு வைப்பதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை.) அடுத்தது, மார்பளவையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு மூன்று முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளப்பது. 28 அங்குல உயரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் வேண்டாம். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தாலும் வேண்டாம். சிவப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை உண்டு: தோளில் வெள்ளைப் பட்டி வைக்கச் சொல்லும் பாடசாலைகள் இருப்பதால், ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை அதோடு தைத்து ஒன்றாகத் துவைப்போம். அந்தத் துண்டு இளஞ்சிவப்பானால் பேச்சு அங்கேயே முடிகிறது.

ஆகவே புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டிய ஓடர் என்றால் முதலில் நிறத்துண்டு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சம்மதம் சொல்கிறோம். வட்ஸ்அப் படத்தில் நிறம் பார்ப்பதில்லை. பிறகு உண்மையான துணியில் ஒரே மாதிரி இரண்டு சாம்பிள் தைத்து, இரு தரப்பும் அட்டையில் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம். சரக்கு வந்தபின் வாக்குவாதம் எழுந்தால் அதைத்தான் மேசையில் எடுத்து வைக்க வேண்டும்.

கட்டலொக்கையும் விலையையும் வாங்கிக்கொண்டு போய் அடுத்த கம்பனியிடம் காட்டிப் பேரம் பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால் நீங்கள் தயங்குவது நியாயமே. எங்கள் முதல் கடிதத்திலேயே வியாபாரப் பதிவின் பிரதி, வேண்டிய நிறமும் எண்ணிக்கையும், சரக்கு தேவைப்படும் மாதம், பணம் செலுத்தும் முறை எல்லாம் இருக்கும். பதிலுக்கு உங்கள் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அதாவது ஐஇசி இலக்கத்தையும் அனுப்புங்கள். அது இல்லாதவரிடம் வாங்கினால் சரக்கை யார் பெயரில் கப்பலேற்றுவது என்ற கேள்வி கடைசி நேரத்தில் வந்து நிற்கும்.

முதலாம் தவணைப் போட்டிகளுக்கான நிறங்களைப் பாடசாலைகள் கேட்கத் தொடங்கிவிட்டன. நூறு நூறாக நான்கு நிறம் தைத்துத் தரக்கூடியவர்கள், எந்தெந்த நிறம் கையிருப்பில் இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். சாம்பிளுக்கான பணத்தை அன்றே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
புறக்கோட்டை வியாபாரி ஒருவர்