‘தினமும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல், அது தணிந்ததும் எனக்கு. இப்போது இருவரும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல். அந்தப் பழைய சைக்கிள் கதையை அவள் இன்னும் மறக்கவில்லையா?

சரி, பேருந்து விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காலை 7.40 பேருந்து ஒழுங்காக வருவதில்லை என்று பத்திரிகை ஆசிரியருக்கு நீ எழுதிய நான்கு பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். ‘நீதான் பதினோரு வருஷம் வாசகர் கடிதப் பகுதியைப் பார்த்தவனாயிற்றே, திருத்திக் கொடு’ என்று எழுதியிருந்தாய். திருத்தியிருக்கிறேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். பள்ளியில் உன் கட்டுரையில் ஒரு வரியை அடித்ததற்கே இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவன் நீ. ஆனாலும் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நான்கு பக்கம் எந்தப் பத்திரிகையிலும் வராது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் வரும். இடம் ஐந்தாறுக்குத்தான் இருக்கும். நீளமான கடிதத்தை அவர் சுருக்க உட்கார்ந்தால், பெரும்பாலும் கடைசியிலிருந்துதான் வெட்டுவார். நீயோ பேருந்தின் நேரத்தையே மூன்றாம் பக்கத்தில்தான் சொல்கிறாய். முதல் பக்கம் முழுக்க நம் சிறு வயதில் பேருந்து எப்படி வந்தது என்பது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, உண்மை. ஆனால் அவருக்கு அது என்ன புகார் என்றே தெரியாது.

இரண்டாம் பக்கத்தில் கிழிந்த இருக்கை, மழையில் ஒழுகும் கூரை, சில்லறை தராத நடத்துநர், நிறுத்தத்தில் நிற்காமல் போகும் ஓட்டுநர் என்று எல்லாம் வருகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் ஏழு குறைகளைச் சொன்னால் பதில் எழுதுகிற அதிகாரி அவற்றில் எளிதான ஒன்றை எடுத்துக்கொள்வார். ‘இருக்கைகள் சரிசெய்யப்பட்டன’ என்று ஒரு வரி வரும். 7.40 பேருந்து அப்போதும் வராது. அதனால் 7.40ஐ மட்டும் வைத்துக்கொண்டேன்.

நீ கடிதத்தோடு இணைத்திருந்த அந்தச் சின்ன நோட்டுத் தாள்தான் எனக்குப் பொக்கிஷம். அதை ஏன் கடைசியில் ஒளித்துவைத்தாய்? இரண்டு வாரம், திங்கள் முதல் சனி வரை, பேருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று உன் கையால் குறித்திருக்கிறாய். 12 நாள். அதில் ஒரு வியாழக்கிழமை நீ ஊரில் இல்லை. மீதி 11 நாளில் 4 நாள் வரவே இல்லை. 4 நாள் இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். 3 நாள் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது.

இப்போது உன் கடிதத்தின் முதல் புகார் வரியைப் பார்: ‘இந்தப் பேருந்து தினமும் வருவதே இல்லை.’ உன் தாளே அதை மறுக்கிறது. பணிமனையில் ஒவ்வொரு நடைக்கும் பதிவு இருக்கும். அங்கிருப்பவர் அந்த மூன்று நாளை எடுத்துக் காட்டி, ‘வாசகர் கூறுவது தவறு’ என்று எழுதிவிட்டால் அதோடு உன் வழக்கு முடிந்தது. ‘11 நாளில் 4 நாள் வரவில்லை’ என்று எழுது, அவர் அந்த 4 நாளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஒரு சொல்லைப் பற்றி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். கோபத்தில் எழுதும் எல்லோருடைய கடிதத்திலும் ‘தினமும்’, ‘எப்போதும்’, ‘ஒருவர்கூட’ என்று வந்துவிடுகிறது. நல்ல கடிதங்கள் அதனால்தான் வீணாகின்றன.

அப்புறம், அந்தப் பேருந்தைப் பணம் வாங்கிக்கொண்டு வேறு தடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதை யார் சொன்னது? நிறுத்தத்தில் யாரோ பேசியதுதானே? கையில் ஆதாரம் இல்லாமல் அதைப் பத்திரிகை போட்டால் அவதூறு வழக்கு வரலாம். அதற்குப் பயந்தே முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் கேள்வியாகக் கேள்: ஏன் ரத்தாகிறது? அதில் யார்மேலும் பழி இல்லை, ஆனால் பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. ‘சோம்பேறிகள்’, ‘திருடர்கள்’ என்ற சொற்களையும் எடுத்துவிட்டேன். ஓட்டுநர் தாமதமாக வருவது பல நேரம் அவர் கையில் இல்லை. நெரிசல் கூடிய பிறகும் அட்டவணையில் பழைய ஓட்ட நேரத்தையே வைத்திருந்தால், முந்தைய நடையில் விழுந்த தாமதம் அடுத்த நடைக்கும் ஏறும். திட்டு வாங்குவதோ அவர்.

இன்னொன்று மட்டும் நானாகச் சேர்த்தேன். கோரிக்கையை இரண்டு படியாக வைத்திருக்கிறேன். முதல் படி முடியாது என்று சொன்னால், புதிய பேருந்தும் கூடுதல் ஆளும் தேவைப்படாத இரண்டாவது படி ஒன்று இருக்கட்டும். பணிமனை மேலாளர் அளவிலேயே முடிவெடுக்கக்கூடியதைக் கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம். இதோ:

‘ஆசிரியர் அவர்களுக்கு, எங்கள் குடியிருப்பிலிருந்து காலை 7.40க்குப் புறப்பட வேண்டிய பேருந்து, சென்ற இரண்டு வாரங்களில் நான் குறித்துவைத்த 11 நாட்களில் 4 நாள் வரவே இல்லை. 4 நாள் இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தது. அடுத்த பேருந்து 8.25க்குத்தான். 7.40 வராத நாட்களில் மாணவர்கள் முதல் பாடவேளையை இழக்கிறார்கள். ரத்து பற்றி நிறுத்தத்தில் எந்த அறிவிப்பும் இல்லை. இந்த நடை ஏன் ரத்தாகிறது என்பதை நிர்வாகம் தெரிவித்து, அதைத் தவறாமல் இயக்க வேண்டுகிறேன். அது இயலாவிட்டால், 8.25 பேருந்தை 8 மணிக்கு மாற்றினாலும் பெரும் உதவியாக இருக்கும்.’

அவ்வளவுதான். எண்ணிப் பார், அறுபது சொல்லை ஒட்டித்தான் இருக்கும். இதை வெட்ட அவருக்கு ஒன்றும் இருக்காது. அச்சில் போட உன் ஊர்ப் பெயரையும் தட எண்ணையும் முதல் வரியில் சேர்த்துக்கொள். அடியில் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுது. அவை அச்சில் வராவிட்டாலும் எழுதியது நீதானா என்று கேட்டுப் பார்க்க அவர்களுக்கு வேண்டும். ஒரே கடிதத்தை நான்கு பத்திரிகைக்கு ஒரே நாளில் அனுப்பாதே. ஒன்றுக்கு அனுப்பி, இரண்டு வாரம் பார்த்து, வரவில்லை என்றால் அடுத்ததற்கு அனுப்பு. அதற்குள் கணக்கு பழசாகிவிடும், அதனால் குறிப்பதை நிறுத்தாதே.

மாணவர்கள் முதல் பாடவேளையை இழப்பதாக நீ எழுதியதை நம்பி அப்படியே விட்டிருக்கிறேன். உன் பெரியவள் உன்னிடம் சொன்னதுதானே? இன்னும் இரண்டு பிள்ளைகளிடம் கேட்டு உறுதி செய்துகொள். அவர்களும் அப்படியே சொன்னால் வரி இருக்கட்டும், இல்லாவிட்டால் ‘சில மாணவர்கள்’ என்று மாற்று.

நான்கு பக்கத்தையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இன்னொரு முறை படி என்றார். அடுத்த முறை வரும்போது நீயே படித்துக் காட்டு.

அன்புடன்,
உன் நண்பன்