பயோடேட்டாவில் விட்டுப்போன 14 மாதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பயோடேட்டாவைப் பார்த்தேன். கூட ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். சரி, போகட்டும். படம் நன்றாக வந்திருக்கிறது.

ஏஜென்சியில் ‘தொடர்ந்து 7 வருட அனுபவம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதை முதலில் எடுக்கச் சொல். 2017 ஜூன் முதல் 2019 ஆகஸ்ட் வரை 27 மாதம், கடைசிக் கம்பெனியில் 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை 24 மாதம். சான்றிதழ் உள்ளது இவ்வளவுதான், 4 வருடம் 3 மாதம். நடுவில் சைட்டில் பார்த்த 20 மாதத்துக்குக் காகிதம் இல்லை. அதற்குப் பிறகு 14 மாதம் வேலையே இல்லை. இன்டர்வியூ எடுப்பவர் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி, சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் விரலால் தொட்டுக்கொண்டே வருவார். இடைவெளியில் விரல் நின்றுவிடும். ‘குடும்பக் காரணம், வீட்டில் இருந்தேன்’ என்று ஒரு வரி இருந்தால் அதைப் படித்துவிட்டுப் போய்விடுவார். பொய் இருந்தால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

‘எல்லா எலக்ட்ரிக்கல் வேலையும் தெரியும்’ என்ற வரியும் வேண்டாம். கன்ட்யூட் வளைப்பது, கேபிள் கிளாண்ட் போடுவது, டிபி டிரெஸ்ஸிங், மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது என்று செய்ததைப் பிரித்து எழுது. உன் டிபி டிரெஸ்ஸிங்கைப் போல நேர்த்தியாக நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்டார்-டெல்டா மோட்டார் ஸ்டார்ட்டரும் எழுதியிருக்கிறாய். எழுதினால் டிரேட் டெஸ்டில் அதையே கொடுத்துவிடுவார்கள். மூன்று கான்டாக்டர், ஒரு டைமர், ஓவர்லோடு ரிலே, மோட்டாரிலிருந்து ஆறு வயர். ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒன்றாகப் பிடித்தால் ஷார்ட் ஆகும். ஆகவே ஒன்றின் என்.சி. வழியாகத்தான் மற்றதன் காயிலுக்குச் சப்ளை போக வேண்டும். அந்த இன்டர்லாக்கைப் படம் பார்க்காமல் போடும் பழக்கம் இல்லையென்றால், நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எழுது.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் இங்கேயும் விரித்தே எழுது. இதைப் போனிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

அந்த 20 மாதத்துக்கு இப்போதுகூடச் சான்றிதழ் வாங்கலாம். காண்ட்ராக்டரின் லெட்டர்பேடில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையெழுத்து, சீல், பேச ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். தேதியை ஒரு நாள்கூடக் கூட்டிப் போடக் கூடாது. கிடைக்காவிட்டால் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சேர்த்து வை. அதையும் தயங்காமல் காட்டலாம்.

அந்த 14 மாதத்தைப் பற்றி நீ வாயே திறப்பதில்லை, நானும் கேட்டதில்லை. படுத்திருந்த என்னைப் பார்க்க, ‘இன்றே கிளம்பி வா’ என்று கூப்பிட்டது நான்தான். கணக்கு முடித்து, கடிதம் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லத் தோன்றவில்லை. எழுந்து நடமாடிய பிறகும் உன்னைப் போ என்று சொல்லவில்லை. அது என் தப்பு, தம்பி.

திங்கட்கிழமை நானே காண்ட்ராக்டரைப் போய்ப் பார்க்கிறேன். நீ சேர்ந்த தேதியையும் கிளம்பிய தேதியையும் மட்டும் எழுதி அனுப்பு.

அப்பா