வெயில், வெள்ளம், மலேரியா ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து நடவடிக்கை எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை

பொருள்: காலநிலை மாற்றத்தால் வரும் நோய்கள் – வெப்ப மரணங்களை முறையாகக் கணக்கெடுத்தல், வெள்ளம் வடியும் முன்பே மலேரியாத் தடுப்பைத் தொடங்குதல், இடம்பெயர்ந்தோருக்குச் சிகிச்சைத் தொடர்ச்சி – ஆணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பணிக்காலத்தின் பெரும்பகுதியை ரத்தத் தடவல் எடுப்பதிலும் கொசுப்புழு தேடுவதிலும் கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் கண்ட ஒரு குறையைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதுகிறேன். வெயில் பேரிடர்த் துறையின் கோப்பில் இருக்கிறது. கொசு நம் துறையின் கோப்பில் இருக்கிறது. பயிர் வேளாண் துறைக்கும், வீடிழந்தவர்கள் வருவாய்த் துறைக்கும் போய்விடுகிறார்கள். நோயோ இந்த நான்கு கோப்புகளின் வழியாகவும் ஒரே மனிதனிடம் வந்து சேருகிறது.

வெயிலிலிருந்து தொடங்குகிறேன். நான் பணியில் இருந்தபோது, ஒரு கடுங்கோடையில் கட்டட வேலையில் இருந்த ஒருவரை மாலை நான்கு மணிக்குத் தூக்கி வந்தார்கள். பேச்சு குழறியிருந்தது. மேலைத் தொட்டால் அடுப்பருகே வைத்த பாத்திரம் போலச் சுட்டது. தோல் உலர்ந்திருந்தது, வியர்வையே இல்லை. ஒரு மணி நேரத்தில் இறந்துபோனார். பதிவேட்டில் ‘மாரடைப்பு’ என்று எழுதினார்கள். அதில் பொய் இல்லை, கடைசியில் நின்றது இதயம்தான். ஆனால் அதை நிறுத்தியது வெயில் என்பது எந்தத் தாளிலும் ஏறவில்லை. அந்த வாரம் அப்படி எத்தனை பேர் போனார்கள் என்று பின்னாளில் கேட்ட யாருக்கும் விடை கிடைத்திருக்காது.

வெப்ப மரணங்களை ஒவ்வொரு சான்றிதழாகத் தேடினால் அகப்படாது என்பது உலக அனுபவம். 2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரை வெப்ப அலை தாக்கியது. அந்த மாதத்து மொத்த இறப்புகளை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. அந்த வெப்ப அலையின் அதிர்ச்சியில்தான் 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே பிறந்தது. இப்படிக் கணக்கெடுக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. இறப்புப் பதிவேடும், சென்ற ஐந்தாண்டுகளின் அதே வாரச் சராசரியும் இருந்தால் ஒரு எழுத்தர் அரை நாளில் போட்டுவிடும் கணக்கு அது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை அறிவிப்புகள் பெரும்பாலும் பகல் வெப்பத்தையே பார்க்கின்றன. முதியவர்களையும் இதய நோயாளிகளையும் சாய்ப்பதில் இரவு வெப்பத்துக்கும் பெரும் பங்கு உண்டு. பகலில் ஏறிய உடல் சூடு இறங்க, இரவு சில மணி நேரக் குளிர்ச்சி வேண்டும். தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்ற, இதயம் விடாமல் கூடுதலாக உழைக்கிறது. இரவும் தணியாவிட்டால் அதற்கு ஓய்வே இல்லை. ரத்த அழுத்தத்திற்காக நீரிறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இனி கொசுவுக்கு வருகிறேன். ‘வெயில் கூடினால் கொசு கூடும்’ என்று பொதுவாகப் பேசுகிறார்கள். அது பாதி உண்மைதான். மிகக் கடுமையான வெப்பத்தில் கொசுவும் சாகும். உண்மையான கணக்கு கொசுவின் வயிற்றுக்குள் நடக்கிறது. நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோய் பரப்பாது. உறிஞ்சிய ரத்தத்தில் வந்த ஒட்டுண்ணி அதன் உடலில் வளர்ந்து எச்சில் சுரப்பியை எட்ட வேண்டும். பூச்சியியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணிக்கு இந்த வளர்ச்சி 18 டிகிரி செல்சியஸில் சுமார் 30 நாள் பிடிக்கிறது. 20 டிகிரியில் 19 நாள் போதும். 25 டிகிரியில் பத்தே நாள்.

ஒரு நாளில் பத்துக் கொசுக்களில் ஒன்று இறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளியைக் கடித்த நூறு கொசுக்களில், 18 டிகிரியில் நோய் பரப்பும் நாள்வரை உயிரோடு இருப்பவை நான்கு. 20 டிகிரியில் 13. 25 டிகிரியில் 35. கொசுக்களின் எண்ணிக்கை சற்றும் கூடாமலே ஆபத்து பல மடங்கு ஏறிவிடுகிறது. சமவெளியில் ஏற்கெனவே 30 டிகிரி நிலவும் இடத்தில் இரண்டு டிகிரி கூடினால் மலேரியாவைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இராது, குறையவும் கூடும். குளிரால் காக்கப்பட்டிருந்த மலையூர்களில்தான் கதவு திறக்கிறது. எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் வெப்பமான ஆண்டுகளில் மலேரியா உயரமான ஊர்களுக்கு ஏறியதையும், குளிர்ந்த ஆண்டுகளில் கீழே இறங்கியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நேபாளத்தில் 2004இல்தான் முதல் டெங்கு நோயாளி கண்டறியப்பட்டார். 2022இல் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கே டெங்கு வந்தது. சாலையும் மக்கள் நடமாட்டமும் இதில் பங்கு வகித்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் குளிர் என்ற வேலி தளராமல் இருந்திருந்தால் அங்குள்ள மலையூர்களில் கொசு இவ்வளவு எளிதில் நிலைத்திருக்காது.

மலேரியாவே இல்லாத ஊரில் வரும் முதல் காய்ச்சலைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அங்குள்ள மருத்துவருக்குச் சந்தேகம் வராது, ஆய்வகத்தில் ஸ்லைடைப் படித்துப் பழகிய கண் இராது. அந்த மக்களுக்கு எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. சமவெளிக்காரர் நான்கு நாள் படுத்து எழும் காய்ச்சல் அங்கே உயிரை எடுக்கவும் கூடும்.

இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே ஆண்டில் பார்த்த நாடு பாகிஸ்தான். 2022 மார்ச் மாதத்திலேயே அங்கும் வடஇந்தியாவிலும் கடும் வெப்பம் தொடங்கிவிட்டது. கோதுமைக் கதிரில் பால் பிடித்து மணி முற்றும் வாரங்கள் அவை. அப்போது சூடு ஏறினால் பயிர் அவசரமாகப் பழுத்துவிடும், மணி சுருங்கிப் பதராகும். விளைச்சல் குறைந்து உள்நாட்டில் விலை ஏறியதால் மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் சிந்து மாகாணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மழை கொட்டியது. நாடு முழுவதும் மூன்று கோடியே முப்பது லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ எண்பது லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள்.

செய்தித்தாள்கள் அந்த 1,700ஐ மட்டும் நினைவில் வைத்தன. நம் துறை நினைவில் வைக்க வேண்டிய எண் வேறு. 2021இல் சுமார் ஐந்து லட்சமாக இருந்த அந்நாட்டு மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2022இல் 26 லட்சமானது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தட்டையான சிந்து நிலத்தில் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றது. மக்கள் கரைமேட்டில் வலையின்றித் திறந்தவெளியில் படுத்தார்கள். சுகாதார நிலையங்கள் சேதமாகி, மருந்து இருந்த அறையும் தண்ணீரில் போனது. களஞ்சியத்துத் தானியமும் அடுத்த விதைப்புக்கு வைத்த விதையும் நனைந்து அழுகின. அரைவயிற்றோடு இருக்கும் குழந்தைக்கு மலேரியா வந்தால் ரத்தசோகை விரைவாக முற்றும். இந்த நிலையில் வெப்பத்தால் போன விளைச்சலையும் வெள்ளத்தால் வந்த காய்ச்சலையும் பிரித்து எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அங்கு பெரும்பாலும் பரவிய வைவாக்ஸ் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. அது ஈரலில் உறங்கும். ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியை மருந்து மூன்று நாளில் அழித்துவிடும், காய்ச்சலும் நின்றுவிடும். ஈரலில் இருப்பதை அழிக்க வழக்கமாகப் பதினான்கு நாள் பிரைமாகுவின் சாப்பிட வேண்டும். முகாமில் இருப்பவர் நான்காம் நாள் உடம்பு தேறியதும் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடுகிறார். சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தப் புதிய ஊரில் காய்ச்சல் திரும்புகிறது, கொசு அங்கிருந்து எடுத்துச் செல்கிறது. சீட்டு தொலைந்திருக்கும். அவர் என்ன மருந்து எத்தனை நாள் சாப்பிட்டார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இடம்பெயர்வு நோயைப் பரப்புகிறது என்று இடம்பெயர்ந்தவர்மேல் பழி போடுவது எனக்கு வேதனை தருகிறது. பரப்புவது பாதியில் அறுந்த சிகிச்சை.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு ஆணையிட வேண்டுகிறேன்.

வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்ட ஒவ்வொரு வாரத்துக்கும், அனைத்துக் காரண இறப்புகளை ஐந்தாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு, கூடுதல் இறப்பை இரண்டு வாரத்துக்குள் வெளியிட வேண்டும். எச்சரிக்கையின் அளவுகோலில் இரவு வெப்பத்தையும் சேர்க்க வேண்டும்.

மலேரியா இல்லை என்று நாம் கைவிட்ட உயரமான பகுதிகளில் மாதந்தோறும் சராசரி வெப்பத்தைக் குறித்துவர வேண்டும். அது 18 டிகிரியைத் தாண்டி நீடிக்கும் மாதங்களில் அங்குள்ள ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரத்தத் தடவல் எடுக்கவும், ஆய்வகப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரவும் ஆணையிட வேண்டும்.

வெள்ளத்தின் முதல் வாரங்களில் பெருக்கு கொசுப்புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது காய்ச்சல் குறைவாக இருப்பதைக் கண்டு குழுக்களைத் திரும்ப அழைத்துக்கொள்வது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை. ஓட்டம் நின்று தேங்கிய பிறகே முட்டை நிலைக்கிறது. புழு கொசுவாக ஒன்றரை இரண்டு வாரம், ஒட்டுண்ணி வளரப் பத்து நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் இரண்டு வாரம். நமக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த ஐந்தாறு வாரம்தான். உடனடிப் பரிசோதனைப் பட்டை, மருந்து, மருந்தூட்டிய கொசுவலை மூன்றும் இந்த அவகாசத்துக்குள் மேட்டு நிலக் கிடங்கிலிருந்து முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும்.

முகாமில் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயரும் எஞ்சிய நாள்களும் எழுதிய, தண்ணீரில் நனையாத அட்டை ஒன்றும் மீதி மாத்திரைகளும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பிரைமாகுவின் கொடுக்கும் முன் ஜி6பிடி குறைபாட்டுச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். அக்குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் எடையையும் கைச்சுற்றளவையும் அதே மேசையில் அளந்து அதே அட்டையில் குறிக்கலாம்.

இவற்றுள் முதல் கோரிக்கையை நிறைவேற்ற ஒரு சுற்றறிக்கையே போதும். அதையாவது அடுத்த கோடைக்கு முன் பிறப்பித்து உதவ வேண்டுகிறேன். மற்றவை குறித்து நேரில் விளக்கத் தாங்கள் நாள் குறித்துத் தந்தால், என் பழைய பதிவேட்டுக் குறிப்புகளுடன் வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்