புதன்கிழமைப் பாக்கெட்டுகள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

"அடை மாவை ஏன் நிறுத்திட்டீங்க?" என்று இரண்டு மாதமாகப் பலரும் கேட்கிறீர்கள். ஒரு பெரியவர், "நல்லா இருக்குன்னு சொன்னவுடனே நிறுத்திடுறதா?" என்று கோபித்துக்கொண்டே போய்விட்டார். கல்லாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் இந்த மடல். புதன்கிழமைகளில் வெள்ளைப் பையில் ஸ்டிக்கர் ஒட்டிப் புதுசு புதுசாக எதையோ வைத்துவிட்டு, பிறகு ஏன் காணாமல் போகச் செய்கிறோம் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறோம்.

உறையூரில் நம் கடை தொடங்கிய நாள் முதல் விற்பது ஒரே பொருள்: இட்லி, தோசை மாவு. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு பிடி வெந்தயம். பொருள் ஒன்று என்பதால் கஷ்டம் வந்தாலும் மொத்தமாக வரும். சித்திரை, வைகாசியில் மாலைக்குள் மாவு பொங்கிப் பை உப்பிவிடும், புளித்த பாக்கெட்டுகள் திரும்பி வரும். மின்சாரம் நான்கு மணி நேரம் போனால் குளிர்பெட்டியில் இருப்பதெல்லாம் போச்சு. 2014, 2015 இரண்டு வருடமும் பருவமழை குறைந்து பருப்பு விலை ஏறியபோது, உளுந்து மூட்டையை வாங்கவே பயந்தோம். நாம் சாப்பிடும் உளுந்தில் ஒரு பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருவது. அங்கே விளைச்சல் குறைந்தாலும் இங்கே தோசை விலை ஏறும்.

ஆக, இன்னொரு பொருள் வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தேடிய விதம்தான் முதலில் தப்பு.

நான்கு வருடம் முன்பு கேழ்வரகு தோசை மாவு போட்டோம். அறுபது வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்துக் கருத்துக் கேட்டோம். அறுபது பேரும் சூப்பர் என்றார்கள். அதை நம்பி அச்சடித்த பைக்கு ஆர்டர் கொடுத்தோம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக சிலிண்டர் செதுக்க வேண்டும், அதனால் சில நூறு பைகளை மட்டும் அடித்துத் தர மாட்டார்கள். 5,000 பை வந்து இறங்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வாரத்துக்குப் பதினைந்து பேர்கூட இல்லை. பழுப்பு நிறத்தில் அந்தப் பைக் கட்டு இன்றும் பரணில் கிடக்கிறது, சணல் கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஓசியில் கொடுத்தவரிடம் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்கள் மேல் தப்பில்லை, நாங்கள் கேட்ட கேள்விதான் தப்பு.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட முறைதான் இந்தப் புதன்கிழமை. எந்தப் புதுப் பொருளுக்கும் மொத்தக் கைநட்டம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. புது மெஷின் கிடையாது, புது ஆள் கிடையாது, அச்சடித்த பையும் கிடையாது. காலை அரைவை முடிந்து கழுவிவைத்த அதே கிரைண்டரில் நாற்பது பாக்கெட்டுக்கு மட்டும் அரைப்போம். வெற்றுப் பையில் ஸ்டிக்கர். ஆனால் அந்த ஸ்டிக்கரில் சேர்மானம், எடை, பேக் செய்த நாள், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், பதிவு எண் எல்லாம் இருக்கும். சோதனைதானே என்று அதில் குறைப்பதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவில் அந்தப் பொருளைச் சேர்த்த பிறகுதான் ஒரு பாக்கெட்டாவது வெளியே போகும். விலையும் முழு விலை, அறிமுகத் தள்ளுபடி எதுவும் இல்லை. முதல் வாரம் வாங்கிய வீடுகளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம். எத்தனை வீடு திரும்பி வந்தால் தொடர்வது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே சுவர்க் காலண்டரில் எழுதிவிடுவோம். பிறகு மனசு மாறி எண்ணைக் குறைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள், அதற்காக.

இப்போது அடை மாவுக்கு வருவோம். அரைக்கிலோ பாக்கெட் 55 ரூபாய். காலண்டரில் எழுதியது: முதல் வாரம் வாங்கும் வீடுகளில் குறைந்தது பதினைந்து வீடு நான்கு வாரத்துக்குள் மறுபடி வாங்க வேண்டும். முதல் புதன் நாற்பது பாக்கெட்டும் மாலை ஆறரைக்குள் காலி. எங்கள் வீட்டில் அன்றைக்கே கணக்குப் போட்டுப் பெரிய கிரைண்டர் வாங்கப் புறப்பட்டுவிட்டார்கள். இரண்டாவது புதன் 33 போனது, மூன்றாவது புதன் 19, நான்காவது புதன் 16. நோட்டைப் புரட்டினால், முதல் நாற்பதில் மறுபடி வாங்கியது ஏழே வீடு.

இன்னொரு கணக்கும் இருந்தது. சாதாரணப் புதன்கிழமையில் தோசை மாவு 110 பாக்கெட் போகும். அடை மாவு வைத்த புதன்களில் அது நூறை ஒட்டியே நின்றது. அதாவது கடைசி வாரம் விற்ற பதினாறு அடை மாவில் பத்துப் பேர் தோசை மாவுக்குப் பதிலாக அதை எடுத்தவர்கள். புதிதாகச் சேர்ந்த வியாபாரம் ஆறு பாக்கெட். ஒரு மணி நேரம் கூடுதல் வேலை செய்து, எங்கள் ஒரு கை எங்கள் இன்னொரு கையிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.

ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. தினமும் வரும் ஒரு அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்: "அடைக்கு என்னப்பா, ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு மிக்ஸியில கொரகொரன்னு ஓட்டினா ஆச்சு. இட்லி மாவுன்னா அப்படியா?" அங்கேதான் எங்களுக்குப் பொறி தட்டியது. நீங்கள் எங்களிடம் காசு கொடுத்து வாங்குவது மாவை மட்டும் இல்லை. உளுந்து பொங்கப் பொங்க அரைக்கும் அந்த அரைமணி, கிரைண்டர் கழுவும் தொல்லை, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டுக் காத்திருப்பது, இவையெல்லாம் இல்லாமல் போவதற்குத்தான் அந்தக் காசு. அடைக்குப் புளிக்க வைக்கும் வேலையே இல்லை. எங்கள் கிரைண்டருக்குப் பக்கத்தில் இருந்த பொருள் உங்கள் அடுப்படிக்குத் தூரத்தில் இருந்திருக்கிறது.

மெதுவடை மாவு தோற்றது வேறு விதத்தில். அதில் வேலை மிச்சம் உண்டு, ஆசையும் உண்டு, ஆனால் பொருள் தாங்கவில்லை. வடைக்கு உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும், அரைத்த சூட்டோடு தட்ட வேண்டும். எங்கள் பாக்கெட் குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி இருந்ததும் மாவு நீர்த்துவிட்டது. மறுநாள் தட்டினால் உருவமும் நிற்கவில்லை, எண்ணெயும் குடித்தது. இரண்டு புதனோடு நிறுத்திவிட்டோம். எண்ணெய் வீணானது என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். நியாயம்தான், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

நிலைத்து நின்றது இட்லிப் பொடி. வேடிக்கை என்னவென்றால் முதல் புதன் அதில் 22 பாக்கெட்தான் போனது, அடையில் ஏறக்குறைய பாதி. நூறு கிராம் 45 ரூபாய். காலண்டரில் எழுதியது: பாதி வீடாவது திரும்ப வேண்டும். நான்கு வாரம் பார்த்தபோது ஐந்து வீடுதான் திரும்பியிருந்தது. தூக்கிவிடலாம் என்று இருந்தோம். அப்புறம்தான் உறைத்தது: மாவு மூன்று நாளில் தீரும், பொடி ஒரு வீட்டில் மூன்று வாரம் வரும். காலியாகாத டப்பாவை வைத்துக்கொண்டு யார் இன்னொன்று வாங்குவார்கள்? திரும்ப வேண்டிய வீடுகளின் எண்ணைத் தொடவில்லை, கெடுவை மட்டும் எட்டு வாரம் ஆக்கினோம். 22 வீட்டில் 15 வீடு, யாரும் நினைவூட்டாமலே திரும்பி வந்தது. தோசை மாவு ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. தட்டில் இட்லிக்குப் பதிலாக வருவதல்ல பொடி, இட்லிக்குப் பக்கத்தில் வருவது.

பொடியிலும் தொல்லை இருந்தது. முதல் தடவை வெளி மில்லில் அரைத்ததில், முன்னால் அரைத்த மஞ்சள் வாடை ஏறிவிட்டது. அப்போதிருந்து முதலில் அரைப்படும் கால் கிலோவைத் தள்ளிவிட்டுத்தான் எடுக்கிறோம். இன்னொன்று எள். அதில் இருக்கும் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். ஒவ்வொரு தடவை அரைத்ததிலும் சில பாக்கெட்டுகளைக் கடை அலமாரியில் வெயில் படும் தட்டிலேயே வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்தோம். ஏழாவது வாரம் வாடை தட்டியது. அதனால்தான் பையில் முப்பது நாள் என்று போட்டிருக்கிறோம். "மூணு மாசம் வராதா?" என்று கேட்கும் கடைக்காரர்களுக்கும் இதுதான் பதில்.

பொடி வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், பாதிதான். கோடைக்கும் மின்வெட்டுக்கும் அது அசையாது, குளிர்பெட்டி இல்லாத பெட்டிக்கடையிலும் தொங்கும். ஆனால் அதிலும் உளுந்து இருக்கிறது. உளுந்து விலை ஏறினால் மாவும் பொடியும் சேர்ந்தே அடிபடும். பொருள் இரண்டு, ஆபத்து ஒன்று.

இரண்டாம் உலகப் போரில், இன்றைய மியான்மரான பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தில் ரவையில் இட்லி செய்து பார்த்து, அப்படித்தான் ரவா இட்லி பிறந்தது என்று அந்த உணவகத்தார் சொல்வதுண்டு. இட்லித் தட்டு அதே, சாப்பிடுகிறவரும் அதே, மாறியது உள்ளே போகும் தானியம் மட்டும். அன்றைக்கு அரிசிக்கு நம்பிய அதே நாட்டைத்தான் இன்றைக்கு உளுந்துக்கு நம்புகிறோம்.

அதனால் அடுத்த சோதனை உளுந்தே இல்லாத ஒன்று: இடியாப்ப மாவு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் மேல் ஈரம் போகும்வரை உலர்த்தி, அரைத்து, வறுத்து, சலித்தது. குளிர்பெட்டி தேவையில்லை. வீட்டில் செய்தால் ஒரு பகல் முழுக்க வேலை பிடிக்கும், ஆக அடையில் செய்த தப்பு இதில் இல்லை என்று நினைக்கிறோம். எங்களுக்கு இருக்கும் ஒரே சந்தேகம் வறுப்புப் பதம். குறைந்தால் பிழியும்போது ஒட்டும், கூடினால் இழை ஒடியும். அரிசி புதுசா பழசா என்பதைப் பொறுத்தும் அது மாறும்.

வரும் ஆறு புதன்கிழமைகள், வாரம் நாற்பது பாக்கெட், அரைக்கிலோ 60 ரூபாய். வேண்டுமென்றால் செவ்வாய் மாலைக்குள் கடையில் காசு கட்டிப் பெயர் சொல்லிவிடுங்கள். சரியாக வரவில்லை என்றால் மாவு மீதியோடு பையைக் கொண்டுவாருங்கள், பணம் திருப்பித் தருகிறோம். வெந்நீர் எவ்வளவு விட்டீர்கள், எந்த அச்சில் பிழிந்தீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டாம், நன்றாக இருந்தால் அடுத்த பாக்கெட் வாங்குங்கள். காலண்டரில் இந்த முறை எழுதியிருக்கும் எண் 16.

அடை மாவு கேட்ட பெரியவருக்கு: பத்துப் பாக்கெட்டுக்கு ஆள் சேர்த்து இரண்டு நாள் முன்பு சொன்னால் அரைத்துத் தருகிறோம். கார்த்திகைக்கு அடை போடும் வீடுகள் இப்போதே பெயர் கொடுக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மாவுக் கடையினர்,
உறையூர், திருச்சி