விடைக்குறிப்பில் அடிக்கோட்டைச் சொல்லாக எழுதுங்கள்: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குப் பயிற்சித்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். அவர்களில் பார்வையற்ற மாணவி ஒருத்தியும் இருக்கிறாள். நீங்கள் அனுப்பும் பயிற்சித்தாள்களைத்தான் நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். கேள்விகள் நன்றாகவே இருக்கின்றன. என் கோரிக்கை விடைக்குறிப்பைப் பற்றியது, அதிலும் 'அடிக்கோடிடுக', 'வட்டமிடுக', 'டிக் செய்க' என்று கேட்கும் கேள்விகளைப் பற்றியது.

நீங்கள் வேர்டில் தட்டச்சு செய்து, சரியான சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, அதை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுகிறீர்கள். சொற்கள் வந்துவிடுகின்றன, கோடு வருவதில்லை. வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்து உண்டு, சாய்வெழுத்து உண்டு, நடுவில் கோடு அடிப்பதும் உண்டு. அடிக்கோடு கிடையாது. அதனால் 'விடை' என்ற தலைப்புக்குக் கீழே எங்களுக்குக் கிடைப்பது கேள்வியில் இருந்த அதே தொடர்தான். சிலர் இதைத் தவிர்க்க `_படித்தாள்_` என்று இருபுறமும் கீழ்க்கோடு போடுகிறார்கள். வாட்ஸ்அப் அதைச் சாய்வெழுத்துக்கான குறியாக எடுத்துக்கொண்டு கோடுகளை மறைத்துவிடும். சாய்ந்த தமிழ் எழுத்து சின்னத் திரையில் சட்டென்று கண்ணில் படாது. திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும் என் மாணவிக்கோ சாய்ந்த சொல்லும் நேரான சொல்லும் ஒரே ஒலிதான்.

டிக் குறியில் வேறு சிக்கல். வேர்டில் பலர் விங்டிங்ஸ் எழுத்துருவிலிருந்து டிக் எடுக்கிறார்கள். அந்த எழுத்துருவில் டிக் என்பது உண்மையில் `ü` என்ற எழுத்தின் வேறு உருவம், பெருக்கல் குறி `û`-வின் உருவம். எழுத்துரு போய்விட்டால் டிக் இருந்த இடத்தில் `ü`, பெருக்கல் இருந்த இடத்தில் `û` நிற்கும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே வெற்றுப் பெட்டி. சரி எது, தவறு எது என்று மேலே உள்ள புள்ளியையும் தொப்பியையும் பார்த்து ஒரு தாய் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. யூனிகோடு டிக் `✓` ஒட்டும்போது பெரும்பாலும் பிழைக்கும். ஆனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள்.

என்ன செய்யலாம்? குறியை வரையாமல், எந்தச் சொல்லுக்கு எந்தக் குறி என்று எழுதிவிடுங்கள். தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் எதிர்முனையில் இருப்பவர் தன் தாளில் சரியாகக் குறிக்க முடிய வேண்டும். அப்படிக் குறிக்க முடிந்தால் உங்கள் விடை தெளிவாக இருக்கிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'வினைச்சொற்களை அடிக்கோடிடுக: கொல்லையில் ஆடு கத்தியது, நீ மேடையில் ஆடு.' விடையில் 'கத்தியது, ஆடு' என்று மட்டும் எழுதினால் போதாது. தொடரில் ஆடு இரண்டு முறை வருகிறது. முதலாவது விலங்கு, இரண்டாவது ஏவல். இந்தக் கேள்வியின் உயிரே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வரிசையை வைத்துப் புரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். பிள்ளைகள் வரிசையைக் கவனிப்பதில்லை, முதலில் கண்ணில் படும் ஆட்டுக்குக் கீழே கோடு போட்டுவிட்டுச் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எத்தனையாவது என்பதையும் பக்கத்துச் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்:

அடிக்கோடிட வேண்டியவை: 'கத்தியது'; 'ஆடு' (இரண்டாவதாக வருவது, 'மேடையில்' என்பதை அடுத்து).

இன்னொன்று, கோட்டின் நீளம். 'முருகன் ஓடி வந்தான்' என்ற தொடரில் நீங்கள் 'ஓடி வந்தான்' முழுவதற்கும் ஒரே கோடு போட்டிருக்கலாம், 'வந்தான்' என்ற முற்றுக்கு மட்டும் போட்டிருக்கலாம், இரண்டுக்கும் தனித்தனியாகவும் போட்டிருக்கலாம். தாளில் பார்த்தாலே தெரிந்துவிடும். எழுத்தில் அதை மேற்கோள் குறி காட்டும். 'ஓடி வந்தான்' என்று ஒரே மேற்கோளுக்குள் இருந்தால் ஒரே கோடு. 'ஓடி', 'வந்தான்' என்று பிரித்தால் இரண்டு கோடு. இந்த வழக்கத்தை விடைக்குறிப்பின் முதல் வரியிலேயே ஒருமுறை சொல்லிவிட்டால் பெற்றோரும் பழகிவிடுவார்கள்.

ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தை மட்டும் குறிக்கச் சொல்லும்போது இது இன்னும் நுணுக்கமாகிறது. 'மிகுந்து வந்த வல்லின மெய்யை வட்டமிடுக: பள்ளிக்குச் சென்றான்.' விடை 'ச்'. ஆனால் வெறும் 'ச்' என்று எழுதினால், அடுத்த சொல்லின் 'செ'யைப் பார்த்துக் குழம்பும் பிள்ளை உண்டு. 'பள்ளிக்குச்' என்ற சொல்லின் கடைசி எழுத்து 'ச்' என்று முழுதாக எழுதுங்கள். எத்தனையாவது எழுத்து என்று சொல்வதானால் தமிழ் எழுத்தாக எண்ணுங்கள். 'கொடி' நமக்கு இரண்டெழுத்து. கணினி அதையே நான்கு குறியீடுகளாக வைத்திருக்கிறது. திரைவாசிப்பானில் அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாக நகர்பவர்களுக்கு எண்ணிக்கை மாறித் தெரியக்கூடும். அவர்களுக்காகவும் எண்ணோடு எழுத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

வட்டமிடும் கேள்விகள் எளியவை. 'பொருந்தாததை வட்டமிடுக: அ) மயில் ஆ) குயில் இ) முயல் ஈ) கிளி' என்றால் 'வட்டமிட வேண்டியது: இ) முயல்'. எழுத்து, சொல் இரண்டும் வேண்டும். 'இ' மட்டும் எழுதினால், அடுத்த ஆண்டு அதே கேள்வியை விருப்பங்களை மாற்றி அச்சடிக்கும்போது விடை பொய்யாகிவிடும். படத்தில் வட்டமிடச் சொன்னால் 'மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது படம், கிளி' என்று இடத்தையும் பெயரையும் சொல்லுங்கள்.

டிக் கேள்வியில் ஒரு சொல்லைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். 'பிழையான தொடரை டிக் செய்க: அ) பறவைகள் பறந்தன ஆ) பறவைகள் பறந்தது' என்ற கேள்விக்கு ஒரு விடைக்குறிப்பில் 'ஆ - சரி' என்று இருந்தது. எழுதியவர் டிக் குறியைத்தான் 'சரி' என்றார். படித்த பிள்ளை 'பறவைகள் பறந்தது' என்பதே சரியான தொடர் என்று எழுதிப் பழகத் தொடங்கிவிட்டது. 'டிக் இட வேண்டியது: ஆ) பறவைகள் பறந்தது (இதுவே பிழையான தொடர்)' என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை டிக் செய்யச் சொல்லும் கேள்வியில் 'மற்றவற்றுக்கு டிக் இல்லை' என்றும் எழுதுங்கள். வெறுமனே விட்டால், பட்டியல் அவ்வளவுதானா, ஒட்டும்போது ஏதாவது விடுபட்டுவிட்டதா என்று தெரியாது. அட்டவணையாக இருந்தால் 'பசு: தாவர உண்ணி', 'காகம்: அனைத்துண்ணி' என்று வரிசையின் பெயரையும் கட்டத்தின் தலைப்பையும் சேர்த்து எழுதினாலே போதும்.

இவை எல்லாவற்றையும் தாளில் வரைந்துதான் காட்ட வேண்டும் என்று சில இடங்களில் பிடிவாதம் இருக்கிறது. அச்சுத்தாளில் அடிக்கோடு கண்ணுக்கு உதவுகிறது, அதை எடுக்கச் சொல்லவில்லை. கீழே ஒரு வரி எழுத்திலும் இருக்கட்டும் என்கிறேன். பத்துக் கேள்விக்குப் பத்து வரி, அவ்வளவே.

கடைசியாக, இது மதிப்பெண் பற்றியது. என் மாணவி தட்டச்சு செய்து அனுப்பும் விடைத்தாளில் 'அடிக்கோடிட வேண்டிய சொல்: கத்தியது' என்று எழுதுகிறாள். 'கோடு போடவில்லை' என்று அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள். எந்தச் சொல் என்று அவள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள், அதைத்தானே கேள்வி சோதிக்கிறது? அடுத்த பயிற்சித்தாளின் தலைப்பிலேயே 'அடிக்கோடு, வட்டம், டிக் ஆகியவற்றுக்குப் பதிலாக விடையைச் சொல்லாக எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்பு நடத்தும் ஒருத்தி