கிணற்றின் ஆழத்துக்கும் குதிரைத்திறனுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை வந்த தங்கள் வீடு-மனை இணைப்பில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கோடைக்காலத் தண்ணீர் ஏற்பாடு பற்றிய கட்டுரையின் நடுவே கட்டம் கட்டி ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தீர்கள். "ஆழ்துளைக் கிணறு 300 அடியைத் தாண்டினால் 5 குதிரைத்திறன் மோட்டாரே சிறந்தது" என்பது அதன் கடைசி வரி. மறுநாள் எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். "பேப்பரிலேயே போட்டிருக்கிறது, இனி என்ன பேச்சு?" என்று உறுப்பினர் ஒருவர் என் முன்னால் அதை வைத்தார். குடிநீர்த் திட்டங்களில் பம்ப்செட் பிரிவிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பதில் சொல்ல வாயெடுத்தேன்; யாரும் கேட்கத் தயாராக இல்லை.

போர்வெல்லின் ஆழத்தை வைத்து மோட்டார் வாங்குவதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 320 அடி ஆழமுள்ள கிணற்றில் 60 அடியில் தண்ணீர் நின்றால், மோட்டார் தூக்க வேண்டியது அந்தத் தண்ணீர் மட்டத்திலிருந்துதான். அதற்குக் கீழே உள்ள ஆழம் சுமையே அல்ல. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கியதும் மட்டம் 60 அடியில் நிற்காது, இறங்கும். எவ்வளவு இறங்கி எங்கே நிலைக்கிறது என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. கட்டுரையில் இந்த இறக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இதை நான் தங்களுக்கு எழுதுவது முதல்முறையும் அல்ல. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, தெருவுக்குத் தெரு போர்வெல்லை ஆழப்படுத்திப் பெரிய மோட்டாரை இறக்கினார்கள். அப்போதும் தங்கள் நாளிதழ் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடங்களைப் பெரிய படமாகப் போட்டதே தவிர, மோட்டாரைப் பற்றி எழுதவில்லை. நான் விரிவாக எழுதிய கடிதம் இடமின்மையால் சுருக்கப்பட்டு வெளிவந்தது. "எங்கள் கிணற்றின் நீர்வரத்துக்கு 2 குதிரைத்திறன் போதும்" என்று எழுதியிருந்தேன். முதல் மூன்று சொற்களை நீக்கி, "2 குதிரைத்திறன் போதும்" என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அதை நம்பி வாங்கிய நண்பர் ஒருவருக்கு ஐந்தாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் கிணறு தென்சென்னைப் புறநகரில், கடினப்பாறை உள்ள பகுதியில் இருக்கிறது. ஆறரை அங்குல விட்டம். மேலே சுமார் 60 அடிக்குக் கேசிங் குழாய், அதற்குக் கீழே வெறும் பாறை. பாறையில் தண்ணீர் எங்கும் பரவிக் கிடப்பதில்லை, வெடிப்புகளின் வழியாகத்தான் வருகிறது. அந்த வெடிப்பு எவ்வளவு தருமோ அவ்வளவுதான் கிணறு தரும். மேலே எத்தனை குதிரைத்திறனைப் பூட்டினாலும் வரத்து கூடிவிடாது.

2019-ல் முந்தைய நிர்வாகம் 5 குதிரைத்திறன் மோட்டாரை 220 அடியில் இறக்கியது. முதல் சில நிமிடங்கள் தொட்டியில் தண்ணீர் கொட்டிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை வந்தது கிணற்றுக் குழியில் ஏற்கெனவே நின்ற தண்ணீர். ஆறரை அங்குலக் குழியில் ஓர் அடி உயரத்துக்கு சுமார் ஆறரை லிட்டர் நிற்கும். 111 அடி மட்டத்திலிருந்து மோட்டார் வரை கணக்கிட்டால் ஏறத்தாழ 700 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 140 லிட்டர் இழுத்தது, பாறை தந்ததோ 60. பத்து நிமிடத்துக்குள் இருப்பு தீர்ந்து, குழாய் காற்றும் சேறுமாக இருமத் தொடங்கியது. மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடியதால் சுற்றுக்கம்பி கருகியது. விற்றவர் "மின்னழுத்தக் கோளாறு" என்று சொல்லிவிட்டார். மறுபடி சுற்றி, மறுபடி இறக்கி, மறுபடி கருகியது.

அடுத்த கோடையில் என்னிடம் பொறுப்பு வந்தபோது முதலில் மட்டத்தை அளந்தேன். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மோட்டாரை இறக்கும்போதே அதன் குழாயோடு சேர்த்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயையும் கட்டி இறக்கினோம். அதன் நுனி சரியாக 200 அடியில் நின்றது. மேல்நுனியில் ஓர் அழுத்தமானியும் சைக்கிள் பம்பும். காற்றை அடிக்க அடிக்க முள் ஏறி, ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் அடித்தால் காற்று கீழே குமிழியாக வெளியேறுமே தவிர முள் நகராது. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால், குழாய் நுனிக்கு மேல் சுமார் 33 அடித் தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

மே மாதம், மோட்டார் ஓடாதபோது முள் 2.7-ல் நின்றது. அதாவது நுனிக்கு மேல் 89 அடித் தண்ணீர். தரையிலிருந்து மட்டம் 111 அடி. கேட் வால்வை முழுதாகத் திறந்து ஓட்டியபோது முள் பத்து நிமிடத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்தது. கிணற்றை ஊறவிட்டு, வால்வைச் சிறிது சிறிதாக மூடி, 200 லிட்டர் பேரல் நிறைய 3 நிமிடம் 20 வினாடி ஆகும்படி வைத்தேன். இது நிமிடத்துக்கு 60 லிட்டர். முள் மெல்ல இறங்கி 0.9-ல் நின்றது, மூன்று மணி நேரம் ஓடியும் அசையவில்லை. 200 அடியில் 30 அடியைக் கழித்தால் 170 அடி. கடுங்கோடையில் மோட்டார் ஓடும்போது எங்கள் நீர்மட்டம் அதுதான். இறக்கம் 59 அடி.

இனி மொத்த ஏற்றத்தைக் கூட்டலாம். 170 அடி என்பது 52 மீட்டர். தரையிலிருந்து மேல்நிலைத் தொட்டியின் வாய் வரை 18 மீட்டர். ஒன்றேகால் அங்குலக் குழாயில் 110 மீட்டர் தூரம் தண்ணீர் உரசிக்கொண்டு போவதாலும் வளைவு, வால்வு ஆகியவற்றாலும் இழப்பு 7 மீட்டர். மொத்தம் 77 மீட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டரை 77 மீட்டர் ஏற்ற 2 குதிரைத்திறன் போதும். அதே குழாயில் 140 லிட்டரை அழுத்தினால் உரசல் இழப்பு மட்டுமே 7-லிருந்து 30 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான் எல்லா வீட்டுக்காரர்களும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

2 குதிரைத்திறன் என்று மட்டும் கேட்டு வாங்கினாலும் ஏமாற்றம்தான். என் நண்பருக்கு நேர்ந்தது அது. ஒரே குதிரைத்திறனில் குறைந்த அடுக்கு விசிறிகளோடு நிறையத் தண்ணீரைக் கொஞ்ச உயரத்துக்குத் தள்ளும் மாடலும் உண்டு, பல அடுக்கு விசிறிகளோடு கொஞ்சத் தண்ணீரை அதிக உயரத்துக்குத் தள்ளும் மாடலும் உண்டு. எந்த உயரத்தில் எவ்வளவு நீர் என்ற அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் மட்டம் ஏறி, மொத்த ஏற்றம் 55 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. அப்போது அதே மோட்டார் அதிகத் தண்ணீர் தள்ளி, அதிக மின்சாரமும் இழுக்கும். ஆகவே பெயர்ப்பலகையில் குறித்துள்ள ஏற்ற வரம்புக்குள் 55, 77 இரண்டும் அடங்குகின்றனவா என்று பார்த்து வாங்கினேன். அந்த மோட்டார் இன்றுவரை வெளியே எடுக்கப்படவில்லை.

"60 லிட்டர் எப்படிப் போதும்?" என்பார்கள். எங்களிடம் 32 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 17,000 லிட்டரைச் சற்றே தாண்டும். நாளில் ஐந்து மணி நேரம் ஓடினால் 18,000 லிட்டர் வந்துவிடுகிறது. அவசரம் கிணற்றுக்கு இல்லை, நமக்குத்தான்.

தொட்டிக் கட்டுப்பாட்டைப் பற்றியும் கட்டுரையில் ஒரே வரி: "தானியங்கிக் கருவி பொருத்திவிட்டால் கவலை இல்லை." இந்த வரியும் என்னைப் புண்படுத்தியது. முன்பு எங்கள் 10,000 லிட்டர் தொட்டியில் தொடக்க மட்டமும் நிறுத்த மட்டமும் ஒரு சாணுக்குள் இருந்தன. காலையில் நாலு பேர் குளித்தால் மோட்டார் ஓடும், சற்று நேரத்தில் நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் சுற்றுக்கம்பி வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இப்போது 3,000 லிட்டர் குறைந்த பிறகே மோட்டார் தொடங்குகிறது. தொடங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. எங்கள் உப்புத் தண்ணீரில், தொட்டியின் மட்டத்தைக் கருவிக்குச் சொல்லும் உணர்கம்பிகளின் மேல் வெள்ளைப் படிவு ஏறி, தொட்டி நிறைந்ததே கருவிக்குத் தெரியாமல் மாடிப்படியில் தண்ணீர் வழிந்ததும் உண்டு. அதனால் மிதவை சுவிட்சுக்கு மாறினோம், அதன் கயிறு ஏணியில் சிக்காதபடி ஒரு குழாய்க்குள் விட்டோம்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. மேலே உள்ள தொட்டி கேட்கும்போதெல்லாம் மோட்டார் ஓடினால் கீழே உள்ள கிணறு என்ன செய்யும்? தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டாரின் மின்னோட்டம் குறையும். அதைக் கண்டு நிறுத்தும் ரிலேயும், கிணறு ஊற அவகாசம் தந்து ஒரு மணி நேரம் கழித்தே மறுபடி தொடங்க விடும் டைமரும் பேனல் பெட்டியில் இருக்க வேண்டும். தொட்டியின் சுவிட்ச் எவ்வளவு கேட்டாலும் கடைசித் தீர்ப்பு கிணற்றினுடையதாக இருக்க வேண்டும். கட்டுரையாளர் மோட்டார் அறைக்குள் ஒருமுறை நின்று பார்த்திருந்தால் இதை விட்டிருக்க மாட்டார்.

நான் கேட்பது சிறியது. வரும் ஞாயிறன்று எங்கள் பொதுக்குழு கூடுகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் வாங்கும் தீர்மானம் அதில் வருகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முன், ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிலைக்கிறது என்பதை அளக்க வேண்டும் என்று போட்டால் போதும். இடம் போதாவிட்டால் என் வருத்தங்களை வெட்டிக்கொள்ளுங்கள், அளவுகளை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேடவாக்கம், சென்னை.